நேர்முடி எப்போது சுருண்டது?

பழைய கல்யாண ஆல்பத்தைப் புரட்டும் வீடுகளில் இந்தப் பேச்சு தவறாமல் வரும். அன்றைக்கு இடுப்பு வரை வழுக்கி விழுந்த கோரை முடி, இரண்டு பிள்ளை பெற்ற பிறகு ஏன் நெளிநெளியாக நிற்கிறது? பத்தாம் வகுப்பு வரை எண்ணெய் தடவிப் படிய வாரிவிட்ட பையனின் தலை, கல்லூரியில் சேர்ந்த வருஷம் ஏன் சீப்புக்கு அடங்க மறுக்கிறது? அறுபதைத் தொட்ட அம்மாவின் தலையில் கறுப்பு முடியெல்லாம் படிந்து கிடக்க, நரைமுடி மட்டும் ஏன் விறைத்துக்கொண்டு எழும்புகிறது? ஆளுக்கொரு பதில் தயாராக இருக்கும். தண்ணீர் மாறிவிட்டது, ஷாம்பு சரியில்லை, எண்ணெய் வைப்பதை விட்டுவிட்டாள், உடம்புச் சூடு.

இவற்றில் ஒன்றிரண்டில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அதற்கு முன்பு தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தோலைத் தாண்டி வெளியே வந்துவிட்ட முடிக்கு உயிர் கிடையாது. மழைநாளின் ஈரத்தில் அது கொஞ்சம் நெளியும், இஸ்திரிச் சூட்டில் கொஞ்சம் நிமிரும், அடுத்த குளியலில் பழையபடி ஆகிவிடும். அதன் பிறவி வடிவம் மாறுவதில்லை. கல்யாண போட்டோவில் இருந்த அந்த நேர்முடி ஒருபோதும் சுருண்டதில்லை; அது உதிர்ந்துபோனது, அல்லது வெட்டப்பட்டது. இப்போது தலையில் இருப்பது அதன் பிறகு முளைத்த வேறு முடி.

ஆகவே ‘ஏன்’ என்பதற்கு முன்னால் ‘எப்போது’ என்று கேட்பது நல்லது. இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளர்கிறது. தலைத்தோலிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் தள்ளி மாற்றம் தொடங்குகிறதோ, அநேகமாக அத்தனை மாதத்துக்கு முன்பு உள்ளே ஏதோ நடந்திருக்கிறது. ஒரு சாதாரண ஸ்கேல் போதும்.

உள்ளே என்றால் மயிர்க்காலில். தலைத்தோலில் சுமார் 4 மில்லிமீட்டர் ஆழத்துக்கு இறங்கும் குழல் அது. அதன் அடியில் ஒரு குமிழ். குமிழுக்குள் பாப்பிலா என்ற சிறிய செல்திரள். பாப்பிலாவைச் சுற்றியுள்ள செல்கள் ஓயாமல் பெருகி மேலே தள்ளப்படுகின்றன. தள்ளப்பட்டு ஏறும்போதே அவற்றில் கெராட்டின் என்ற புரதம் நிரம்பி, கெட்டிப்பட்டு, கடைசியில் அந்தச் செல்கள் செத்துவிடுகின்றன. செத்துக் கெட்டியான அந்தத் தண்டுதான் நாம் வாரிப் பின்னுகிற முடி. அதைச் சுற்றி ஓர் உள்ளுறை இருக்கிறது. முடி கெட்டிப்படும் முன்பே இந்த உறை கெட்டிப்பட்டு, இளகிய முடியைப் பிடித்து உருக்கொடுக்கிறது. முறுக்கு அச்சின் ஓட்டை எப்படியோ அப்படித்தான் பிழிகிற மாவு வரும் என்பதுபோல, முடியின் பருமனும் வளைவும் இந்த முதல் இரண்டு மூன்று மில்லிமீட்டரிலேயே முடிவாகிவிடுகின்றன.

நேர்முடியின் குமிழ் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். சுருட்டை முடியின் குமிழோ ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கும். மயிர்க்காலே தோலுக்குள் வளைந்து கிடக்கும். அந்தக் குமிழில் செல்கள் பெருகும் வேகமும் கெட்டிப்படும் நேரமும் இரு பக்கத்திலும் ஒத்துப்போவதில்லை. கெராட்டின் வகைகளும் இரு பக்கத்திலும் சமமாகப் பரவுவதில்லை. ஒருபக்கம் முந்தியும் மறுபக்கம் பிந்தியும் உறைந்த தண்டு வளைந்துதான் வரும். முடியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வட்டமாக இருப்பது நேர்முடி, நீள்வட்டமாக இருப்பது சுருட்டை என்று பள்ளிப் பாடம்போலச் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். சுருட்டைக்கு அதைவிட முக்கியமான காரணம் குமிழின் இந்த ஏற்றத்தாழ்வு. 2005-இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள், தலைத்தோலிலிருந்து பிரித்தெடுத்த உயிருள்ள மயிர்க்கால்களை ஆய்வகத் தட்டில் வளர்த்துப் பார்த்தார்கள். சுருட்டை முடிக்காரரின் மயிர்க்கால், சுற்றிலும் தோல் இல்லாத நிலையிலும் வளைந்த முடியையே வளர்த்தது. வடிவத்தைத் தீர்மானிப்பது தலைத்தோலின் இறுக்கமோ சீப்போ அல்ல, குமிழேதான் என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

பருமனைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ‘முடி முரடாகிவிட்டது’ என்ற புகாரில் பாதி அதைச் சேர்ந்தது. பாப்பிலா பெரிதானால் குமிழ் பெரிதாகும், முடியும் தடிக்கும். ஒரு தண்டு வளைக்க முடியாமல் விறைப்பது அதன் விட்டத்தின் நான்காம் மடியைப் பொறுத்தது. 0.06 மி.மீ. விட்டமுள்ள முடி 0.08 மி.மீ. ஆனால் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் விறைப்பு மூன்று மடங்குக்கு மேல் கூடிவிடும். அதேபோல, முடியின் விட்டம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே விறைப்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். விரலுக்கு இது உடனே தெரியும். நம் விரல்கள் முடியைப் பற்றிச் சொல்லும் தீர்ப்பு, கண்ணைவிட நம்பகமானது என்று எனக்குத் தோன்றுவதும் இதனால்தான்.

ஒரு மயிர்க்கால் ஆயுள் முழுக்க ஒரே முடியை வளர்ப்பதில்லை. 2 முதல் 6 ஆண்டுகள் வளர்க்கும். பிறகு இரண்டு மூன்று வாரங்களில் அதன் கீழ்ப்பாதி சுருங்கி மேலே ஏறிவிடும். மூன்று மாதம் போல ஓய்வெடுக்கும். அப்புறம் கீழ்ப்பாதியை மறுபடி புதிதாகக் கட்டி, புது முடியைத் தொடங்கும். பழைய முடி சீப்போடு வந்துவிடும். ஒவ்வொரு முறையும் குமிழ் இடித்துக் கட்டப்படுகிறது என்பதுதான் நம் விஷயத்தின் சாவி. அந்த நேரத்தில் இரத்தத்தில் ஓடும் ஹார்மோன்கள் வேறாக இருந்தால், புதிய குமிழ் பழையதுபோலவே அமைய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சிலசமயம் வளர்ந்துகொண்டிருக்கும்போதே குமிழ் மாறுவதும் உண்டு. அப்போது ஒரே முடியின் நுனி நேராகவும் அடி நெளிவாகவும் இருக்கும்.

இது மிகத் தெளிவாகத் தெரிகிற பருவம், பூப்பும் மீசை முளைப்பதும். சிறுவனின் மேலுதட்டில் இருக்கும் பூனைமுடியும் இருபது வயதில் அதே இடத்தில் வளரும் மீசையும் வெவ்வேறு மயிர்க்கால்களிலிருந்து வந்தவை அல்ல. அதே மயிர்க்கால்தான் பெரிதாகி, ஆழமாக இறங்கி, கறுத்த தடித்த முடியை வளர்க்கிறது. பருவ வளர்ச்சியைப் படிப்படியாகப் பதிவுசெய்த பிரிட்டிஷ் மருத்துவர் ஜேம்ஸ் டானரின் அட்டவணையைக் குழந்தை மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். அந்தரங்க முடி முதலில் மெல்லியதாகவும், நேராகவோ லேசாக நெளிந்தோ வரும் என்றும், அடுத்த கட்டத்தில் கறுத்து, தடித்து, சுருளும் என்றும் அதில் இருக்கிறது. நேர்முடி சுருட்டையாவது ஏதோ அபூர்வம் அல்ல; எல்லோர் உடம்பிலும் ஒருமுறை நடந்து முடிந்த விஷயம்தான்.

இதைச் செய்வது ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன்கள். பெண் உடலிலும் இவை உண்டு, அளவு மட்டும் குறைவு. டெஸ்டோஸ்டெரோன் மயிர்க்காலுக்கு வந்ததும், அங்குள்ள 5-ஆல்பா ரிடக்டேஸ் என்ற நொதி அதை இன்னும் வலுவான டிஹெச்டி ஆக மாற்றுகிறது. இந்த நொதியின் பங்கு வெளியே தெரியவந்தது டொமினிகன் குடியரசின் கிராமங்களில். அந்த நொதி பிறவியிலேயே குறைந்த சில ஆண்களைப் பற்றி 1974-இல் ஓர் ஆய்வு வெளியானது. பருவம் வந்ததும் அவர்களுக்குக் குரல் உடைந்தது, தசை முறுக்கேறியது. ஆனால் தாடி மிகக் குறைவு. நெற்றி ஏறி வழுக்கை விழவும் இல்லை. தாடியை வளர்ப்பதும் தலையை வழுக்கையாக்குவதும் ஒரே பொருள் என்பதை இது காட்டியது. ஒரே ஹார்மோன் முகத்து மயிர்க்காலைப் பெருக்கி, உச்சந்தலை மயிர்க்காலைச் சுருக்குகிறது. பின்தலையை அநேகமாகத் தொடுவதே இல்லை. எந்த இடத்து மயிர்க்கால் எப்படிப் பதில் சொல்லும் என்பது அதற்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது.

பதினாலு வயதில் நேராக இருந்த தலைமுடி பதினேழில் அலையலையாக வந்தால் அதற்கும் பின்னணி இதுதான். குமிழின் அளவு மாறுகிறது, பருமன் மாறுகிறது, குடும்பத்தில் இருக்கும் சுருட்டை வெளியே தலைகாட்டுகிறது. கூடவே, தலைத்தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளும் இந்த வயதில் பெரிதாகின்றன. அதனால் வேரோரம் படிந்தும் நுனியில் பரந்தும் இருக்கும் அந்தக் கலவையான தலை, பதின்வயதுக்கே உரியது. இதற்கு மருந்து எதுவும் தேவையில்லை. முடி வெட்டும் விதத்தை மாற்றினாலே போதும்.

ஆனால் பையன்களைப் பெற்றவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். பருவத்துக்குப் பிறகு, தலை முழுவதும் ஒரே சீராக அல்லாமல், நெற்றியோரம், பொட்டுப் பக்கம், உச்சி ஆகிய இடங்களில் மட்டும் முடி வறண்டு, மங்கி, கிண்டிவிட்டதுபோல முறுக்கிக்கொண்டு வருகிறது. பின்தலை மட்டும் பழையபடி இருக்கிறது. 1932-இல் அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் வைஸும் சுல்ஸ்பெர்கரும் இதை எழுதிவைத்தார்கள். பல பேருக்கு இது வழுக்கையின் முன்னறிவிப்பு. தலை முழுக்கச் சுருள்வது பருவ மாற்றம். வழுக்கை விழும் இடங்களில் மட்டும் சுருள்வது தோல் மருத்துவரிடம் போக வேண்டிய காரணம். சீக்கிரம் போனால் சிகிச்சையால் தக்கவைக்கக்கூடிய முடி அதிகம்.

இனி பிரசவத்துக்கு வருவோம். ‘குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் தாய்க்கு முடி கொட்டும்’ என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு. காரணம் தவறு, கணக்கு அசத்தல். குழந்தை முகம் அறிந்து சிரிப்பது இரண்டு மூன்று மாதத்தில். தாய்க்கு முடி கொட்டத் தொடங்குவதும் அப்போதுதான்.

ஏன் என்று ஒரு பெண்ணின் கணக்காகவே போட்டுப் பார்ப்போம். அவளுக்கு ஜூன் மாதம் பிரசவம். தலையில் ஒரு லட்சம் முடி இருப்பதாக வைத்துக்கொள்வோம், அதுதான் பொதுவான அளவு. சாதாரண நாளில் இவற்றில் பத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 10,000, ஓய்வில் இருக்கும். மூன்று மாதத்தில் அவை உதிர வேண்டும் என்றால் நாளுக்கு 100 போல வரும். கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏறும்போது, உதிர வேண்டிய முடிகளும் வளர்ச்சியிலேயே நீடிக்கின்றன. 1960-இல் யெல்வா லின்ஃபீல்ட் கர்ப்பிணிகளின் முடியைப் பறித்து எண்ணிப் பார்த்தபோது, வளரும் முடிகளின் பங்கு 85 சதவீதத்திலிருந்து 95 சதவீதமாக ஏறியிருந்தது. ‘மாசமா இருக்கும்போது முடி என்ன அடர்த்தி!’ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். உண்மையில் முடி கூடவில்லை, கொட்டுவது குறைந்தது. சிலருக்கு முடியின் பருமனும் சிறிது கூடுகிறது.

பிரசவமானதும் ஈஸ்ட்ரோஜன் சரிகிறது. தள்ளிப்போட்டிருந்த முடிகள் எல்லாம் சேர்ந்து ஓய்வுக்குப் போகின்றன. நம் பெண்ணுக்கு அது 30 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 30,000 முடி. ஓய்வு மூன்று மாதம் என்பதால் ஜூலை, ஆகஸ்ட்டில் ஒன்றும் தெரியாது. செப்டம்பரில் தலை குளிக்கும்போது கைநிறைய வரும். நாளுக்கு 300-ஐத் தாண்டும். அவள் பயந்து எண்ணெயை மாற்றுவாள், ஷாம்பை மாற்றுவாள். டிசம்பர், ஜனவரி வாக்கில் கொட்டுவது தானாகவே குறையும். கடைசியாக வாங்கிய எண்ணெய்க்குப் பெயர் கிடைக்கும்.

மார்ச் மாதம் கண்ணாடியில் பார்க்கிறாள். நெற்றியோரமும் காதுக்கு மேலும் 5, 6 செ.மீ. நீளத்தில் குட்டி முடிகள் எழும்பி நிற்கின்றன, நெளிந்தும் இருக்கின்றன. பின்னலில் இருப்பதோ நேர்முடி. ‘பிரசவத்தில் முடி சுருட்டையாகிவிட்டது’ என்ற முடிவுக்கு அவள் வருவது இயல்புதான். ஆனால் மார்ச்சில் அந்த முடிவு அவசரம். புது முடியின் நுனி கூராக, மெல்லியதாக இருக்கும்; தன் எடையால் தொங்க அதற்கு நீளம் போதாது; எண்ணெயும் பின்னலும் அதைப் பிடித்து வைக்கவில்லை. நெற்றியோர முடி முன்பும் பின்தலை முடியைவிட மெல்லியதாகவே இருந்திருக்கும், பின்னலுக்குள் போனதால் தெரியாமல் இருந்தது. இன்னும் நாலைந்து மாதம் கழித்து, புது முடி 10 செ.மீ. தாண்டியதும் பார்த்தால்தான் உண்மை தெரியும். அதற்குள் பலருக்கு அது படிந்து, மற்ற முடியோடு சேர்ந்துவிடும்.

சிலருக்குச் சேராது, அந்த நெளிவு நிலைத்துவிடும். கர்ப்பத்தின் ஹார்மோன்கள் புதிய குமிழின் அமைப்பைத் தொட்டுவிடுகின்றன என்பது ஒரு காரணம். இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். நம் முடி பதினைந்து வயதிலிருந்தே மெல்ல மெல்ல மாறிக்கொண்டுதான் வருகிறது. சாதாரணமாக மயிர்க்கால்கள் ஆளுக்கொரு காலத்தில் உதிர்ந்து முளைப்பதால், இந்த மாற்றம் புதிய முடியும் பழைய முடியும் கலந்த கும்பலில் மறைந்துகிடக்கிறது. பிரசவம் என்ன செய்கிறதென்றால், ஆயிரக்கணக்கான மயிர்க்கால்களை ஒரே பருவத்தில் புதிதாகத் தொடங்க வைக்கிறது. பத்து வருஷ மாற்றம் ஒரே வரிசையில் நெற்றியோரம் வந்து நின்றுவிடுகிறது. அதனால் குற்றம் முழுவதும் குழந்தையின் மேல் விழுகிறது. டைபாய்டோ டெங்குவோ வந்து மூன்று மாதத்தில் கொத்தாக முடி கொட்டியவர்களும் ‘புது முடி வேறு மாதிரி வருகிறது’ என்று சொல்வதை இதோடு வைத்துப் பார்க்கலாம்.

அந்தப் பெண்ணுக்கு இடுப்புக்கு மேல் வரை, 45 செ.மீ. பின்னல் இருந்தால், புது முடி அந்த நீளத்தை எட்ட 45 மாதம், ஏறத்தாழ நாலு வருஷம் ஆகும். அதுவரை தலையில் இரண்டு விதமான முடி இருக்கத்தான் செய்யும். ஆனால் பிரசவமாகி ஒரு வருஷம் தாண்டியும் கொட்டுவது நிற்காவிட்டால், அல்லது புதிதாக முளைப்பதே தெரியாவிட்டால், இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதே சரி. இரும்புச்சத்தும் தைராய்டும் இங்கே முதல் சந்தேகத்துக்கு உரியவை. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயது இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. எண்ணெய்க்குச் செலவழிக்கும் முன் ஹீமோகுளோபினையும் ஃபெரிட்டினையும் பார்த்துவிடுவது மலிவு.

வயதாகும்போது நடப்பது வேறு கதை. அதில் ஒரே சமயத்தில் மூன்று விஷயங்கள் சேர்ந்துகொள்கின்றன. ஜப்பானில் சிறுமிகள் முதல் எழுபது வயது வரையான பெண்களின் முடியை அளந்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், முடியின் பருமன் நாற்பது வயதை ஒட்டி உச்சத்தைத் தொட்டுப் பிறகு குறைவது தெரிந்தது. கூடவே முடியின் வளைவு வயதோடு கூடிக்கொண்டே போனது. நேர்முடிக்குப் பெயர்போன ஜப்பானியப் பெண்களுக்கே அப்படி. பளபளப்பு குறைவதும் பெரிதும் இதனால்தான். அடுத்தடுத்த முடிகள் ஒரே திசையில் படுத்திருந்தால்தான் விழும் வெளிச்சம் ஒன்றாகத் திரும்பி மின்னும். ஒவ்வொன்றும் ஒரு பக்கம் நெளிந்தால் வெளிச்சம் சிதறிப்போகும். ஐம்பது வயதுத் தலை ‘எண்ணெய் வைத்தாலும் காய்ந்த மாதிரியே’ தெரிவதன் பின்னால் இந்த நெளிவு இருக்கிறது.

இரண்டாவது, எண்ணெய்ச் சுரப்பு. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு தலைத்தோலின் சொந்த எண்ணெய் வெகுவாகக் குறைகிறது. ஆண்களுக்கு எழுபதைத் தாண்டும் வரை அவ்வளவாகக் குறைவதில்லை. ஒரே வயதுக் கணவன் மனைவியில் மனைவியின் முடி மட்டும் முரடாகத் தெரிவதில் இதற்குப் பங்கு உண்டு. இந்த முரட்டுத்தனம் மட்டும்தான் வெளியிலிருந்து தடவும் எண்ணெயால் ஓரளவு ஈடுகட்டக்கூடியது.

மூன்றாவது நரை. குமிழில் மெலனின் நிறமியைக் கொடுக்கும் செல்கள் ஓய்ந்ததும் வெள்ளை முடி வருகிறது. வெள்ளையாவதற்கும் விறைப்பதற்கும் தொடர்பு உண்டா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஒரே ஆளின் கறுப்பு முடியையும் வெள்ளை முடியையும் பக்கத்தில் வைத்து அளந்த சில ஆய்வுகளில் வெள்ளை முடி தடித்தும், அதிகம் நெளிந்தும், வேகமாக வளர்ந்தும் இருந்தது. வேறு சிலவற்றில் வித்தியாசம் சொல்லும்படி இல்லை. அதோடு நம் கண் செய்யும் வேலையும் ஒன்று உண்டு. கறுப்புத் தலையில் எழும்பி நிற்கும் கறுப்பு முடி தெரிவதில்லை. வெள்ளை முடி உடனே தெரிகிறது. புதிதாக முளைத்த நரைகள் குட்டையாக இருப்பதால் நிமிர்ந்தும் நிற்கும்.

மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் சரிந்து, இருக்கும் கொஞ்ச ஆண்ட்ரோஜனின் கை ஓங்குகிறது. அதனால் வகிடு அகன்று, உச்சி முடி மெலிகிற அதே பெண்ணுக்குத் தாடையில் இரண்டு மூன்று முரட்டு முடி முளைக்கிறது. டொமினிகன் கிராமத்தில் கண்ட அதே இரட்டை வேடம்தான். ஒன்றிரண்டு முடி என்றால் பறித்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். சில மாதங்களுக்குள் தாடியே அடர்ந்து, குரலும் கனத்தால் அது வயதின் கணக்கில் வராது. ஹார்மோன் பரிசோதனை தேவை.

இப்போது ஸ்கேலை எடுக்கலாம். தலைகுளித்து, சீப்பும் சூடும் படாமல் உலரவிட்ட முடியில்தான் பார்க்க வேண்டும். மாற்றம் அடியில் இருந்து நுனி நேராக இருந்தால், மயிர்க்கால் மாறியிருக்கிறது. அடி வழவழப்பாக இருந்து நுனி மட்டும் சொரசொரத்தால் மயிர்க்காலுக்கு இதில் வேலையே இல்லை; அது வெளியில் பட்ட அடி. போர்வெல் உப்புத்தண்ணீரின் கால்சியம் முடிமேல் படிவது, சாயம், பார்லரில் செய்யும் நேராக்கல், தினசரி இஸ்திரி எல்லாம் இந்த இரண்டாவது கணக்கில் வரும். வீடு மாறிய இரண்டே வாரத்தில் முடி முரடாகிவிட்டது என்பவர் தண்ணீரைச் சந்தேகிப்பது நியாயம். இரண்டு வாரத்தில் முளைத்த அரை சென்டிமீட்டரை யாரும் பார்த்திருக்க முடியாது. குட்டை முடியின் நுனியையும் பாருங்கள். கூராக இருந்தால் புதிதாக முளைத்தது, மொட்டையாகவோ பிளந்தோ இருந்தால் உடைந்தது.

அடியில்தான் மாற்றம் என்றால், அளந்த மாதத்தில் என்ன நடந்தது என்று யோசிக்க வேண்டும். புதிதாக ஒரு மாத்திரை தொடங்கினீர்களா? வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட் சிலருக்கு முடியைச் சுருட்டிவிடும். முகப்பருவுக்குத் தரும் ஐசோட்ரெடினோயினாலும் அரிதாக அப்படி ஆகும். புற்றுநோய்க்குக் கீமோதெரபி முடிந்து திரும்ப முளைக்கும் முடி பலருக்குச் சுருட்டையாக வந்து, ஓராண்டு போலக் கழிந்து பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. முடிக்காக மாத்திரையை நாமே நிறுத்திவிடக் கூடாது, வலிப்பு மாத்திரையை நிச்சயமாக. மாத்திரை எதுவும் இல்லாமல் முடி முரடாகி, கூடவே சோர்வு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, எடை கூடுவது என்று சேர்ந்தால் தைராய்டைப் பார்க்க வேண்டும். மருத்துவரிடம் ‘கொஞ்ச நாளாக இப்படி’ என்பதைவிட ‘அடியிலிருந்து 7 சென்டிமீட்டர் வரை வேறு மாதிரி இருக்கிறது’ என்று சொன்னால், அவர் பழைய மருந்துச்சீட்டில் எந்த மாதத்தைப் பார்க்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

மொட்டை போட்டால் பழைய முடி திரும்ப வருமா என்று கேட்பவர்களும் உண்டு. மழிப்பதால் முடி தடிக்கிறதா என்பதை மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறியலாளர் 1928-லேயே அளந்து பார்த்தார், தடிக்கவில்லை. கத்தி பழனியில் பட்டாலும் திருப்பதியில் பட்டாலும் குமிழ் இருக்கும் ஆழத்துக்கு இறங்குவதில்லை. மொட்டைக்குப் பிறகு முளைப்பது கரகரப்பாகப் படுவது, கூர்நுனி போய் வெட்டுநுனி வந்ததால்தான். குழந்தைக்கு முதல் மொட்டைக்குப் பிறகு ‘நல்ல முடி’ வருவதும் கத்தியால் அல்ல. அந்த வயதில் பூனைமுடி போய் அடுத்த முடி எப்படியும் வர வேண்டிய நேரம் அது. பெரியவர்களுக்கு மொட்டையால் ஒரே ஒரு பயன் உண்டு. பழைய நேர்முடியும் புதிய நெளிமுடியும் கலந்த அந்த நாலு வருஷக் குழப்பம் ஒரே நாளில் தீர்ந்து, இப்போது தன் மயிர்க்கால் எந்த முடியை வளர்க்கிறது என்பது ஆறே மாதத்தில் தெரிந்துவிடும்.